வயிற்றுப்போக்கு நோயாளிகள் திடீரென்று குவிந்தால்: பணியாளர்களுக்கான எச்சரிக்கை அறிவிப்பை அன்றிரவே தயாரிப்பது எப்படி

ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். தொற்றுத் தடுப்புப் பொறுப்பும் என்னிடம்தான். பொறுப்பு கைக்கு வந்து நான்காவது மாதம், ஒரே வார இறுதியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கோடு வந்தார்கள். அப்போது நான் எழுதிய முதல் அறிவிப்பு இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. "பணியாளர்கள் அனைவரும் மிகுந்த எச்சரிக்கையுடன் செயல்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இதுதான் முழு அறிவிப்பும். அதைப் படித்துவிட்டு யாரும் எதையும் மாற்றிச் செய்யவில்லை. மாற்றிச் செய்ய அதில் ஒன்றும் இல்லை.

அந்த முறை பரிசோதனைக்குப் போன மாதிரிகள் எல்லாமே ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகு எடுத்தவை. ஒன்றிலும் எதுவும் வளரவில்லை. என்ன கிருமி என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் அதே நிலைமை மறுபடி வந்தபோது ஓரளவு ஒழுங்காகச் செய்தோம். அந்த இரண்டாம் முறையை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு முதல் முறையே இரண்டாம் முறை மாதிரி அமையட்டும்.

1. முதலில் ஓ.பி. பதிவேட்டை எண்ணுங்கள்

"இன்னைக்கு லூஸ் மோஷன் கேஸ் ஜாஸ்தியா இருக்கே" என்று யாராவது சொன்னதும் கேஷுவாலிட்டி பதிவேட்டையும் ஓ.பி. பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கடந்த 48 மணி நேரத்தை எண்ண வேண்டும். கூடவே போன வாரத்தின் அதே இரண்டு நாட்களையும் எண்ண வேண்டும். எங்களுக்குச் சாதாரண வார இறுதியில் இரண்டு அல்லது மூன்று பேர் வருவார்கள். அந்த ஞாயிறு இரவு பத்து மணிக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள்.

எண்ணிக்கையோடு முகவரியையும் பாருங்கள். ஒன்பது பேரும் ஒன்பது ஊர்க்காரர்கள் என்றால் அது வேறு கதை. எங்களுக்கு ஒன்பதில் ஏழு பேர் அடுத்தடுத்த இரண்டே தெருக்களிலிருந்து வந்திருந்தார்கள். அந்த இடத்திலேயே சந்தேகம் முடிந்துவிடும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட ஒருவர் வயிற்றுப்போக்கால் கடும் நீரிழப்போடு வந்தாலோ இறந்தாலோ, அந்த ஒருவரே மேலே தகவல் சொல்லப் போதும். இன்னும் சில பேர் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

வந்தவர்களிடம் நேரத்தையும் கேளுங்கள். ஒரே விருந்தில் சாப்பிட்டு, சில மணி நேரத்துக்குள் எல்லோரும் ஒன்றாக வாந்தி எடுத்தார்கள் என்றால் உணவு நஞ்சாகியிருக்க வாய்ப்பு அதிகம். வெவ்வேறு வீடு, வெவ்வேறு சாப்பாடு, ஒன்றரை நாளில் ஒவ்வொருவராக வருகிறார்கள், ஆனால் குழாய் மட்டும் ஒன்று என்றால் தண்ணீர்மேல் கண் வையுங்கள். இது தீர்ப்பு இல்லை, ஊகம்தான். ஆனாலும் அடுத்து யாரை ஃபோனில் கூப்பிடுவது என்பதை இந்த ஊகம்தான் முடிவு செய்யும்.

2. பெயர்ப் பட்டியலில் தெருப் பெயர் இல்லாவிட்டால் பட்டியலே இல்லை

ஒரு நீளமான நோட்டு எடுத்துக் கோடு போடுங்கள். பெயர், வயது, ஆணா பெண்ணா, கதவு எண்ணும் தெருவும், நோய் தொடங்கிய நாளும் நேரமும், நீரிழப்பு எந்த அளவு, குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து, மாதிரி எடுத்தாயிற்றா, ஆன்டிபயாட்டிக் கொடுத்த நேரம், செல் நம்பர். இவ்வளவு போதும். இதற்கு மேல் கட்டம் போட்டால் இரவு டியூட்டியில் யாரும் நிரப்ப மாட்டார்கள்.

முதல் முறை நான் சறுக்கியது இங்கேதான். ஓ.பி. சீட்டில் எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது. மறுநாள் காலை வந்த சுகாதார ஆய்வாளர், "சிஸ்டர், இந்த ஊருல நாப்பது தெரு இருக்கு, நான் எந்தத் தெருவுக்குப் போறது?" என்று கேட்டார். வீட்டுக்குப் போய்விட்டவர்களை ஒவ்வொருவராக ஃபோனில் பிடித்து முகவரி வாங்கவே மதியம் ஆகிவிட்டது. அந்த அரை நாளும் அந்தக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

தொடங்கிய நேரத்தையும் வந்த நேரத்தையும் குழப்ப வேண்டாம். "வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டப்புறம்" என்று நோயாளி சொன்னால் அதை அப்படியே எழுதிவிடுங்கள். மணியைப் பிறகு கணக்கிட்டுக்கொள்ளலாம்.

3. மாதிரி எடுத்த பிறகு மருந்து

அறிவிப்பு எழுதும்வரைகூட இதற்குப் பொறுக்க முடியாது. கேஷுவாலிட்டியில் இருக்கும் டாக்டரிடமும் நர்ஸிடமும் வாயாலேயே சொல்லிவிடுங்கள்: முதலில் மல மாதிரி, அப்புறம் ஆன்டிபயாட்டிக். திரவம் ஏற்றுவதை மட்டும் எதற்காகவும் நிறுத்தக் கூடாது. மாதிரிக்காக டிரிப்பைத் தள்ளிப்போட்டால் அதைவிடப் பெரிய தவறு இல்லை.

எல்லோரிடமும் எடுக்க வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்கள், நோய் நன்றாகத் தெரிபவர்கள், இன்னும் ஆன்டிபயாட்டிக் வாங்காதவர்கள் என்று ஐந்திலிருந்து பத்துப் பேர் போதும். மலத்தில் முக்கிய அல்லது ஆசனவாயில் எடுத்த ஸ்வாபை கேரி-பிளேர் ஊடகம் உள்ள குழாயில் ஆழமாகச் செருகி மூடுங்கள். இப்படி எடுத்ததை அறை வெப்பநிலையிலேயே அனுப்பலாம். காலராக் கிருமிக்கு ஐஸ் பெட்டி தேவையில்லை. கேரி-பிளேர் இல்லையென்றால் மாதிரி இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும். தாலுகா மருத்துவமனையில் இரவு பத்து மணிக்கு அது நடக்கிற காரியம் இல்லை. அதனால் கேரி-பிளேர் குழாய்கள் இருக்கின்றனவா, காலாவதித் தேதி என்ன என்பதை இன்றைக்கே, எந்த நோயும் வராத இந்த நாளிலேயே, லேப் டெக்னீஷியனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இருந்த பத்தில் நான்கு காலாவதி.

ஒவ்வொரு குழாயிலும் பெயர், வயது, எடுத்த நேரம் இருக்க வேண்டும். கூட அனுப்பும் படிவத்தில் "ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் முன் எடுத்தது" என்று கையால் எழுதுங்கள். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அறிவிப்பு அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

4. யாரிடம் சொல்வது, யார் கையெழுத்து

முதல் ஃபோன் உங்கள் தலைமை மருத்துவ அலுவலருக்கு. அறிவிப்பில் அவருடைய கையெழுத்து இல்லாவிட்டால் மறுநாள் அது "அந்த சிஸ்டர் ஒட்டுன பேப்பர்" ஆகிவிடும். அவர் ஊரில் இல்லையென்றால் பொறுப்பு மருத்துவர் கையெழுத்திடலாம். யார் பொறுப்பு என்பதைப் பணிப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஃபோனில் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்கி, டியூட்டி டாக்டர் கையெழுத்தோடு ஒட்டினோம். காலையில் தலைமை மருத்துவ அலுவலர் மேலொப்பம் போட்டார்.

இரண்டாவது ஃபோன் மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவுக்கு. இது மாவட்டச் சுகாதார அலுவலரின் கீழ் வருவது. அந்தப் பதவி துணை இயக்குநர் என்று இருந்த பழக்கத்தில் அவரை நாங்கள் இன்னும் டி.டி. என்றுதான் சொல்கிறோம். புதிதாக வருகிறவர்கள் இங்கே குழம்புவார்கள். நம் மருத்துவமனைக்கு மேலதிகாரி நலப்பணிகள் இணை இயக்குநர். ஆனால் தெருவில் இறங்கி வேலை செய்யப்போவது சுகாதாரப் பிரிவு. ஒருவருக்குச் சொன்னால் மற்றவருக்குத் தானாகப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். இருவருக்கும் சொல்லுங்கள். பேசிய நேரத்தையும் பேசியவர் பதவியையும் நோட்டில் குறித்து வையுங்கள். அதோடு நோய்க் கண்காணிப்புக்கான ஐ.எச்.ஐ.பி. இணையதளத்தில் டாக்டரின் பி படிவப் பதிவு அன்றைக்கே ஏற வேண்டும். திங்கள்கிழமை டேட்டா என்ட்ரி ஆள் வந்து போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால், ஞாயிறு கணக்கில் உங்கள் ஊரில் ஒரு நோயாளியும் இல்லை.

5. அறிவிப்பு: ஒரே பக்கம், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை

இனிதான் விஷயமே. நல்ல அறிவிப்புக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். தூய்மைப் பணியாளர் அக்கா அதைப் படித்து, அல்லது யாராவது படிக்கக் கேட்டு, "அப்போ நான் இப்போ இதைச் செய்யணும்" என்று சொல்ல முடிய வேண்டும். நாங்கள் அன்றிரவு 10.40-க்கு ஒட்டியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

*எச்சரிக்கை அறிவிப்பு எண் 1. ஞாயிறு இரவு 10.40. அடுத்த அறிவிப்பு திங்கள் காலை 10 மணிக்கு.*

*நிலைமை: சனி இரவு 8 மணி முதல் 9 பேர் கடும் வயிற்றுப்போக்கோடு வந்துள்ளனர். 7 பேர் அடுத்தடுத்த இரண்டு தெருக்கள். 2 பேருக்குக் கடும் நீரிழப்பு. இறப்பு இல்லை. காரணம் இன்னும் தெரியவில்லை. 6 மாதிரிகள் காலையில் ஆய்வகம் செல்கின்றன.*

*யாரைக் கணக்கில் சேர்ப்பது: 24 மணி நேரத்தில் 3 அல்லது அதற்கு மேற்பட்ட முறை நீராகப் போன எவரும், எந்த வயதும்.*

*ஓ.பி. சீட்டு கவுன்ட்டர்: வயிற்றுப்போக்கு என்று சொன்னவரை வரிசையில் நிறுத்த வேண்டாம். நேராகக் கேஷுவாலிட்டிக்கு அனுப்பவும். தெருப் பெயர் இல்லாமல் சீட்டு போட வேண்டாம்.*

*டாக்டர்கள், செவிலியர்கள்: கண் குழிந்து, துவண்டு, குடிக்க முடியாமல், கிள்ளிய தோல் மிக மெல்லத் திரும்பினால் உடனே ஆர்.எல். கிலோவுக்கு 100 மி.லி. ஒரு வயதுக்கு மேல்: முதல் 30 மி.லி. அரை மணியில், மீதி 70 மி.லி. இரண்டரை மணியில். ஒரு வயதுக்குள்: முதல் 30 மி.லி. ஒரு மணி நேரத்தில், மீதி 70 மி.லி. ஐந்து மணி நேரத்தில். இதய நோயாளிக்கும் கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைக்கும் டாக்டரைக் கேட்டே வேகம். ஓரளவு நீரிழப்புக்கு ஓ.ஆர்.எஸ். கிலோவுக்கு 75 மி.லி., நான்கு மணி நேரத்தில். மாதிரி முதலில், ஆன்டிபயாட்டிக் பிறகு.*

*எல்லோரும்: ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் சோப்பு, தண்ணீர். சானிடைசர் மட்டும் போதாது. உங்களுக்கே வயிற்றுப்போக்கு வந்தால் டியூட்டிக்கு வராமல் நர்சிங் சூப்பிரண்டிடம் சொல்லவும். நின்று 48 மணி நேரம் ஆன பிறகே திரும்பவும்.*

*தூய்மைப் பணியாளர்கள்: ஆண்கள் வார்டின் கடைசிக் கழிப்பறை இவர்களுக்கு மட்டும். பெண்கள் வார்டிலும் அப்படியே. பிளீச்சிங் கரைசல் கலக்கும் முறை கீழே.*

*உணவு: வெளிச் சாப்பாட்டை வார்டுக்குள் விட வேண்டாம். குடிக்கக் கொதிக்க வைத்து ஆறிய நீர் மட்டும்.*

"காலரா" என்ற சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒளிக்க வேண்டும் என்பதற்காக இல்லை. ஆய்வக முடிவு வரும்முன் அந்தச் சொல்லை எழுதினால், மறுநாள் எல்லா ஃபோனும் அதைப் பற்றியே வரும், நிலைமையைக் கேட்டு ஒரு ஃபோன்கூட வராது. காலரா என்று நினைத்தே வைத்தியத்தையும் சுத்தத்தையும் செய்யுங்கள். எழுதும்போது மட்டும் தெரிந்ததை எழுதுங்கள். நோயாளி பெயரும் தெருப் பெயரும் அறிவிப்பில் வரவே கூடாது. பெயர்ப் பட்டியல் நோட்டோடு நிற்கட்டும். அறிவிப்பு எப்படியும் வாட்ஸ்அப்பில் வெளியே போகும், போகாது என்று நம்பி எழுதாதீர்கள்.

"அடுத்த அறிவிப்பு எத்தனை மணிக்கு" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இருந்ததால்தான் அன்றிரவு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

6. பிளீச்சிங் பவுடர்: 60 கிராம் பொட்டலம்

கரைசல் கணக்கை அறிவிப்பில் சதவீதமாக எழுதினால் யாருக்கும் புரியாது. நாங்கள் கண்டுபிடித்த சுலப வழி இது. மருந்தாளுநர் 60 கிராம் பொட்டலங்களாகக் கட்டிக் கொடுத்துவிடுவார். ஒரு பொட்டலத்தை 10 லிட்டர் தண்ணீரில் கலந்தால் தரை, கட்டில், கழிப்பறை துடைக்க (அது 0.2 சதவீதம்). அதே பொட்டலத்தை 1 லிட்டரில் கலந்தால் மலம், வாந்தி சிந்திய இடத்துக்கு (2 சதவீதம்). ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். நீல வாளி பத்து லிட்டர், சிவப்பு மக் ஒரு லிட்டர். வேறெதுவும் நினைவில் வைக்க வேண்டாம்.

இந்தக் கணக்கு 33 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடருக்குத்தான் சரி. ஸ்டோரில் வாய் திறந்து கிடக்கும் மூட்டைக்கு அந்தச் சக்தி இருக்காது. கட்டிதட்டி, நெடியே இல்லாமல் இருந்தால் அதை நம்பாதீர்கள். பொட்டலங்களை அன்றன்றைக்கு மட்டும் கட்டி, மூடிய டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் வாளியில் ஆறிய தண்ணீரில் கலக்கி, அரை மணி தெளியவிட்டு, மேல் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றைய கரைசலை இன்று ஊற்றக் கூடாது.

ஒரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை ஒரு அக்கா, கழிப்பறை நன்றாகச் சுத்தமாகட்டும் என்று பிளீச்சிங் கரைசலுக்கு மேலே ஆசிட்டையும் ஊற்றிவிட்டார். பச்சை மஞ்சளாகப் புகை கிளம்பி, இருமி இருமி அவரே நோயாளியானார். ஆக்சிஜன் வைக்க வேண்டி வந்தது. இரண்டையும் சேர்க்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொன்னதே இல்லை. அன்றிலிருந்து "ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்க்கக் கூடாது" என்று வாளியிலேயே எழுதி ஒட்டுகிறேன்.

7. பாட்டில் கணக்கும் பணமும்

50 கிலோ எடையுள்ள ஒருவர் கடும் நீரிழப்போடு வந்தால் 5 லிட்டர், அதாவது அரை லிட்டர் பாட்டில் பத்து. முதல் அரை மணியிலேயே மூன்று பாட்டில் உள்ளே போக வேண்டும். எட்டுப் பேர் வந்தால் எண்பது. அதற்குப் பிறகும் போய்க்கொண்டே இருப்பதை ஈடுகட்டுவது தனிக் கணக்கு. எங்கள் வார்டில் அன்று இருந்தது 34. ஸ்டோர் சாவி மருந்தாளுநர் வீட்டில். அறிவிப்பு எழுதுவதற்கு முன்பே அவரை வரவழைத்தது நல்லதாய்ப் போயிற்று.

மருந்துக் கிடங்குக்குத் தேவைப் பட்டியலை இரவே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், காலை முதல் வண்டியில் ஆளை அனுப்புங்கள். வந்து சேர எங்களுக்கு மதியம் மூன்று மணி ஆனது. இடையில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கடனாக வாங்கினோம், இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட ரசீதோடு. உள்ளூரில் வாங்க வேண்டியிருந்தால் நோயாளர் நலச் சங்க நிதியிலிருந்து வாங்கலாம். ஆனால் தலைமை மருத்துவ அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதியில் உள்ள தேதி பில் தேதிக்கு முன்னதாக இருக்க வேண்டும். அனுமதி பின் தேதியில் இருந்த ஒரு பில்லுக்கு நான் ஒருமுறை ஏழு வாரம் அலைந்தேன். அன்றிரவு என் கையிலிருந்து போனது ஜெராக்ஸுக்கு 48 ரூபாய், பவுடர் நிறுக்கச் சின்னத் தராசுக்கு 450 ரூபாய். தராசு வந்தது பரவாயில்லை, இன்னும் உழைக்கிறது.

8. ஒட்டுவதோடு முடியவில்லை

நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் நோட்டீஸ் போர்டைப் பார்ப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள், காவலாளி, சமையற்கட்டு, 108 ஓட்டுநர்கள், பிணவறை உதவியாளர் இவர்கள் யாரும் அங்கே போவதில்லை. ஷிஃப்ட் மாறும் மூன்று நேரத்திலும், காலை ஏழரை, மதியம் ஒன்றரை, இரவு ஏழரை, நின்றபடியே இரண்டு நிமிடம் வாய்விட்டுப் படியுங்கள். கேட்டவர்கள் பதிவேட்டில் கையெழுத்திடட்டும். கைரேகையும் சரிதான். பிரதியை கேஷுவாலிட்டி மேசை, இரண்டு வார்டு, கழிப்பறைக் கதவின் உட்புறம், லேப், ஆம்புலன்ஸ் என்று ஒட்டுங்கள். கழிப்பறைக் கதவு வேடிக்கையாகத் தோன்றலாம். எல்லோரும் முழுதாகப் படித்தது அங்கே ஒட்டியதைத்தான்.

9. எண் 2, எண் 3, பிறகு கிழித்தெடுப்பது

திங்கள் காலை பத்து மணிக்கு எண்ணிக்கை 17. அறிவிப்பு எண் 2-ல் இரண்டு வரிதான் மாறியது: எண்ணிக்கையும், மருத்துவமனை மேல்நிலைத் தொட்டி நீர் சோதிக்கப்பட்டது என்பதும். அந்தத் தொட்டியில் குளோரின் துளிகூட இல்லை. நகராட்சிக் குழாயிலிருந்து நேராக ஏற்றியது. நோயாளிகளுக்கு ஓ.ஆர்.எஸ். கலந்து கொடுத்தது அந்த நீரில்தான் என்று தெரிந்தபோது எனக்கு வயிறு கலங்கியது. உங்கள் தொட்டியை முதல் மணி நேரத்திலேயே சோதிக்கச் சொல்லுங்கள். சுகாதார ஆய்வாளரிடம் குளோரோஸ்கோப் இருக்கும், இரண்டு நிமிட வேலை.

அன்று மாலை, அந்த இரண்டு தெருக்களுக்கும் பொதுவான குழாய் ஒரு சாக்கடைக்குள் உடைந்து கிடப்பதைச் சுகாதாரப் பிரிவினர் கண்டுபிடித்தார்கள். தெருப் பெயர் போட்ட பட்டியல் காலை ஆறு மணிக்கே அவர்கள் கையில் இருந்தது. புதன்கிழமை ஆய்வக முடிவு வந்தது: ஆறில் இரண்டு மாதிரியில் காலராக் கிருமி. எண் 4-ல்தான் அந்தச் சொல்லை முதன்முறை எழுதினோம்.

காலராவுக்கு நோய் அரும்பும் காலம் அதிகபட்சம் ஐந்து நாள். நாங்கள் அதன் இரு மடங்கு, கடைசி நோயாளிக்குப் பிறகு பத்து நாள் பார்த்துவிட்டு, மாவட்டக் கண்காணிப்புப் பிரிவிடமும் கேட்டுக்கொண்டு, "அறிவிப்பு எண் 1 முதல் 7 வரை திரும்பப் பெறப்படுகின்றன" என்று கடைசித் தாள் ஒன்று ஒட்டினோம். பிறகு நானே போய் எல்லாவற்றையும் கிழித்தெடுத்தேன். முதல் ஆண்டுத் தாள் ஒன்று லேப் கதவில் அப்போதும் ஒட்டியிருந்தது, மிகுந்த எச்சரிக்கையுடன் செயல்படுமாறு கேட்டுக்கொண்டபடி.